ஃபேஸ் புல்: இழுப்பது பாதி, சுழற்றுவது மீதி

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31, தளவாட நிறுவனமொன்றில் அலுவலக வேலை. வாரத்துக்கு மூன்று நாள் பெஞ்ச் பிரஸ் செய்கிறார். ஒரே முறையாக அவர் தூக்கிய அதிகபட்ச எடை 100 கிலோ. மூன்று மாதங்களாக வலது தோளின் முன்புறத்தில் வலி. கம்பி நெஞ்சுக்கு ஒரு சாண் உயரத்தில் வரும்போது வலி தொடங்குகிறது. காரின் பின் இருக்கையில் இருக்கும் பையை எடுக்கக் கையை நீட்டினாலும் வலிக்கிறது.

அவருடைய கேள்வி இதுதான்: “தோளுக்கு நல்லது என்று ஃபேஸ் புல் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் 35 கிலோவில் நான்கு சுற்று செய்கிறேன். ஆனாலும் வலி குறையவில்லை. எடையைக் கூட்டட்டுமா, சுற்றுகளைக் கூட்டட்டுமா?”

இரண்டும் வேண்டாம் என்பதே பதில். ஏன் என்று சொல்வதற்கு முன், அவர் அந்தப் பயிற்சியைச் செய்யும் விதத்தைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் தெரிந்தது, பல உடற்பயிற்சிக் கூடங்களில் தினமும் காணக்கூடிய காட்சிதான். உடல் பின்னால் சாய்கிறது. கயிறு கழுத்துக்கு வந்து நிற்கிறது. முட்டிகள் மேலே இருக்கின்றன, கைமுஷ்டிகளோ அவற்றுக்குக் கீழே தொங்குகின்றன. அவர் இழுக்கிறார், ஆனால் சுழற்றவில்லை. தோளுக்குத் தேவைப்பட்ட பாதியே அந்தப் பயிற்சியில் இல்லை.

கரண்டியில் எலுமிச்சம்பழம்

பொங்கல் விளையாட்டுகளில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். தோள் மூட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேற்கை எலும்பின் உருண்டையான தலை பெரியது, அது உட்காரும் குழியோ சிறியது, ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் வீச முடிகிறது. அதனாலேயே அந்த உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்து வைக்க ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்பவைதான் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள்.

அவற்றில் ஒன்று தோள்பட்டை எலும்பின் முன்புறம் இருந்து கையை உள்நோக்கிச் சுழற்றுகிறது. ஒன்று மேலே இருக்கிறது. பின்புறம் இருக்கும் இரண்டும், அதாவது இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும், கையை வெளிநோக்கிச் சுழற்றுகின்றன. முட்டியை விலாவோடு ஒட்டி வைத்து, கதவைத் திறப்பதுபோல் முன்கையை வெளியே கொண்டுபோனால் அதுவே வெளிச்சுழற்சி.

உட்சுழற்சிக்குத் துணையாகப் பெரிய தசைகள் வருகின்றன. பெஞ்ச் பிரஸில் வளரும் மார்புத் தசை அவற்றில் ஒன்று. முதுகின் இருபுறமும் விரியும் லாட் தசை இன்னொன்று. இது பலருக்குத் தெரியாது. “நான் மார்பு மட்டும் செய்வதில்லை, முதுகும் செய்கிறேன்” என்று லாட் புல்டவுனைக் காட்டுவார்கள். ஆனால் சுழற்சியைப் பொறுத்தவரை லாட் தசையும் மார்புத் தசையின் கட்சிதான். எதிர்க்கட்சியில் இருப்பவை அந்த இரண்டு சிறு தசைகளும், தோளின் பின்புறத் தசையின் கொஞ்சம் உதவியும் மட்டுமே.

பெஞ்ச் பிரஸ் செய்யும்போது இந்தப் பின்புறத் தசைகள் ஓய்வாகவும் இல்லை. கம்பி கீழே வந்து மேலே போகும் நேரமெல்லாம் உருண்டை முன்னால் நழுவாமல் அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் பெஞ்ச் என்றால் அவற்றுக்கும் மூன்று நாள் வேலை. மார்பு வளர்ந்து எடை கூடும்போது இந்தப் பிடி அதே வேகத்தில் வளராவிட்டால், தசைநார்கள் தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையைத் தாங்க வேண்டி வருகிறது. நம் வாசகருக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

வீட்டிலேயே ஓர் அளவு

ஊருக்குப் போகும்போது பெட்டியை எடைபோட வாங்கிய கைத்தராசு வீட்டில் இருக்கும். கொக்கியும் பட்டையும் கொண்ட அந்தச் சிறிய தராசு இந்த வேலைக்குப் போதும்.

அதன் ஒரு முனையை, உறுதியாகச் சாத்திய கதவின் பிடியில் கட்டுங்கள். நீங்கள் இழுக்கும் பக்கம் கதவு திறக்காத பக்கமாக இருக்கட்டும். வலது கையை அளக்க, கதவு உங்களுக்கு இடப்புறம் வரும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். வலது முட்டிக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டை வைத்து, முட்டியைச் செங்கோணமாக மடக்குங்கள். தராசின் மறுமுனையை ஒரு பட்டையால் மணிக்கட்டில் மாட்டி, முன்கை நேராக முன்னால் நீட்டியிருக்க, கையை நகர்த்தாமல் வெளியே தள்ளுங்கள். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மூன்று விநாடிகளில் மெல்ல மெல்ல வலிமையைக் கூட்டுங்கள். மூன்று முறை செய்து அதிக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவு வலப்புறம் வரும்படி திரும்பி, அதே கையால் வயிற்றை நோக்கி இழுத்தால் உட்சுழற்சியின் அளவு கிடைக்கும்.

வெளிச்சுழற்சியின் வலிமை உட்சுழற்சியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. நம் வாசகரின் வலது கையில் வெளியே 6.5 கிலோ, உள்ளே 13 கிலோ. சரிபாதி. இடது கையில் வெளியே 9, உள்ளே 13. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வலியிருக்கும் கை முழு வலிமையையும் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இது மருத்துவப் பரிசோதனையும் அல்ல. ஆனால் பட்டை ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் அதே இடத்தில் இருந்தால், நான்கு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஓர் அளவு கையில் இருக்கும்.

ஃபேஸ் புல் செய்யும் முறை

ஃபேஸ் புல் ஒரே அசைவு போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. முதலில் இழுப்பு. அதில் தோளின் பின்புறமும் மேல்முதுகும் வேலை செய்கின்றன. அவை வலிமையானவை, 35 கிலோவையும் இழுத்துவிடும். அடுத்தது வெளிச்சுழற்சி. அதைச் செய்யும் தசைகள் சிறியவை, 35 கிலோவை அவற்றால் சுழற்ற முடியாது. எனவே எடை கூடியதும் உடல் தந்திரம் செய்கிறது. சுழற்சியை விட்டுவிட்டு வெறும் இழுப்பாக முடித்துக்கொள்கிறது. இழுப்புக்குச் சரியான எடை, சுழற்சிக்கு மிகையான எடை. இந்தப் பயிற்சியின் சிக்கலே அதுதான்.

கேபிளை நெற்றி உயரத்தில் வையுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் கட்டைவிரல்கள் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். இரண்டடி பின்னால் வந்து, ஒரு காலை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். முதலில் கயிற்றின் நடுப்பகுதி புருவத்தை நோக்கி வரும்படி இழுங்கள். முட்டிகள் தோள் உயரத்தில் பக்கவாட்டில் விரியட்டும். அங்கே நிறுத்திவிடாமல், முட்டிகளை அதே இடத்தில் வைத்துக்கொண்டு முன்கைகளை மேலே சுழற்றுங்கள். முடியும்போது கைமுஷ்டிகள் காதுகளுக்கு அருகில், முட்டிகளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். பிறகு மூன்று விநாடி எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். கை நீளும்போது தோள்பட்டை எலும்புகள் முன்னால் போவதைத் தடுக்க வேண்டாம்.

சரியாகச் செய்கிறீர்களா என்பதைப் பக்கவாட்டுப் படம் ஒன்றே சொல்லிவிடும். கடைசி நிலையில் மணிக்கட்டு முட்டிக்கு நேர் மேலேயோ சற்றுப் பின்னாலோ இருந்தால் சரி. முட்டிக்கு முன்னாலோ கீழேயோ இருந்தால் எடை அதிகம். கடைசிச் சுற்றின் கடைசி முறையைப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாருக்கும் அழகாகத்தான் வரும்.

எங்கே களைப்பு தெரிகிறது என்பதும் ஓர் அடையாளம். தோளின் பின்புறத்தில் ஆழமாகச் சூடேறினால் நல்லது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை இறுகினால் தோளைக் காதுவரை தூக்குகிறீர்கள் என்று பொருள். மேற்கையின் முன்புறம் களைத்தால் கையால் மட்டும் இழுக்கிறீர்கள். தோளின் முன்புறத்தில் குத்தினால் முட்டிகளைத் தோள் உயரத்திலிருந்து ஒரு சாண் கீழே இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே குத்தல் விலகும்.

நம் வாசகர் 35 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்கு இறங்கினார். 12 முறை கொண்ட மூன்று சுற்று. மற்றவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பிகள் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஓர் இயந்திரத்தில் 20 என்று எழுதியிருப்பது கைக்கு 10 கிலோவாகத்தான் வந்து சேரும். படத்தில் மணிக்கட்டு எங்கே நிற்கிறது என்பதே உங்கள் எடையை முடிவு செய்யட்டும்.

ஒருக்களித்துப் படுத்துச் செய்வது

ஃபேஸ் புல்லில் பெரிய தசைகள் பங்கெடுத்துக்கொள்வதால் சிறு தசைகள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. ஆகவே அவற்றுக்கு மட்டுமான இன்னொரு பயிற்சி தேவை. இதற்கு உடற்பயிற்சிக் கூடமே வேண்டாம், வீவக வீட்டின் கூடத்தில் பாய் விரித்தால் போதும்.

வலது தோளுக்கு என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலைக்குத் தலையணை. வலது முட்டிக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு. துண்டு கீழே விழுந்தால் முட்டி உடலைவிட்டு விலகிவிட்டது என்று தெரிந்துவிடும். முட்டி செங்கோணமாக மடங்கியிருக்க, முன்கை வயிற்றின் குறுக்கே கிடக்கட்டும். அங்கிருந்து சிறு டம்பெல்லை மேலே சுழற்றுங்கள். முன்கை தரைக்கு இணையான நிலையைச் சற்றே தாண்டினால் போதும். உடல் பின்னால் சாய்ந்து உதவி செய்யக்கூடாது. மேலே இரண்டு விநாடி, கீழே மூன்று விநாடி.

எவ்வளவு எடை? பெஞ்சில் 100 கிலோ தூக்குபவர்களுக்கும் இங்கே இரண்டு கிலோ கனக்கும். இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குப் போவது ஒரு கிலோதானே என்று தோன்றும், ஆனால் அது ஐம்பது விழுக்காடு கூடுதல். பெஞ்சில் 80 கிலோவிலிருந்து ஒரே நாளில் 120 கிலோவுக்குத் தாவுவதற்குச் சமம். அதனால் எடையைக் கூட்டுவதற்கு முன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 12 முறையில் தொடங்கி, மூன்று சுற்றிலும் 20 முறை சுத்தமாக வந்த பிறகே அடுத்த எடை. நடுவில் ஒரு படி வேண்டுமானால் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் பாட்டிலையும் அரை லிட்டர் பாட்டில்களையும் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

இந்த இரண்டு பயிற்சிகளையும் பெஞ்ச் பிரஸுக்கு முன் களைக்கும்வரை செய்யாதீர்கள். உருண்டையைப் பிடித்து வைக்க வேண்டிய தசைகளை முதலில் களைப்பாக்கிவிட்டுப் பிறகு கனமான கம்பிக்கு அடியில் படுப்பது சரியல்ல. முன்னால் செய்வதென்றால் மிக இலேசான எடையில் ஒரு சுற்று, உடலைச் சூடாக்க மட்டும். உண்மையான வேலை பெஞ்சுக்குப் பிறகு, அல்லது பெஞ்ச் இல்லாத நாளில்.

பத்து வாரம், ஒரு கணக்கு

இவ்வளவும் செய்தாலும் பெஞ்ச் பிரஸ் அப்படியே இருந்தால் பயன் குறைவு. நிரம்பி வழியும் வாளிக்கு அடியில் துணியை விரித்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை, குழாயையும் கொஞ்சம் திருக வேண்டும்.

அவருடைய வாரம் இப்படி இருந்தது: திங்கள் 85 கிலோவில் ஐந்து முறை, ஐந்து சுற்று. புதன் 72.5 கிலோவில் எட்டு முறை, நான்கு சுற்று. வெள்ளி 90 கிலோவில் மூன்று முறை, ஐந்து சுற்று. மொத்தம் 14 சுற்று. அவற்றில் எதுவும் இலேசானதல்ல.

முதல் நான்கு வாரங்களுக்குப் பெஞ்ச் இரண்டு நாளாகக் குறைந்தது. திங்களும் வெள்ளியும் 65 கிலோ, ஆறு முறை, நான்கு சுற்று. புதனன்று அதற்குப் பதில் தரையில் புஷ்-அப். புஷ்-அப்பில் தோள்பட்டை எலும்புகள் பெஞ்சில் அழுந்திக் கிடக்காமல் தாராளமாக நகரும். கம்பியைப் பிடிக்கும் அகலத்தை ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் குறைத்தார். முட்டிகளை உடலுக்குச் செங்குத்தாக விரிக்காமல், 45 முதல் 60 பாகை வரை உள்ளே கொண்டுவந்தார்.

வலிக்கு ஒரே விதி. பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம், ஆனால் மறுநாள் காலை முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கக்கூடாது. மோசமாக இருந்தால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு அப்படி ஆனது. அடுத்த திங்களன்று 60 கிலோவில் செய்தார், அதற்கடுத்த முறை மீண்டும் 65.

ஐந்தாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டி, பத்தாம் வாரத்தில் 80 கிலோவில் ஆறு முறையை வலியில்லாமல் செய்தார். ஒருக்களித்த பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் நடந்தது. இரண்டு கிலோவில் தொடங்கியவர் மூன்று கிலோவில் 15 முறைக்கு வந்திருந்தார். ஃபேஸ் புல் 17.5 கிலோ, மணிக்கட்டு முட்டிக்கு மேலேயே. தராசில் வலது கையின் வெளிச்சுழற்சி 6.5 கிலோவிலிருந்து 8.5 ஆனது.

இதில் எது குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுமையைக் குறைத்ததும், பிடியை மாற்றியதும், சுழற்சித் தசைகளை வளர்த்ததும் ஒன்றாக நடந்தன. வலி தணிவதற்குச் சுமையைக் குறைத்தது பெரிதும் உதவியிருக்கும். பழைய எடைக்குத் திரும்பும்போது வலி திரும்பி வராமல் இருக்க மற்றவை உதவும் என்பதே எதிர்பார்ப்பு. ஆகவே வலி போனதும் இந்தப் பயிற்சிகளை நிறுத்திவிடாமல், வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துத் தொடர்கிறார். மூன்றாவது பெஞ்ச் நாள் இப்போது திரும்பியிருக்கிறது, ஆனால் அது இலேசான நாள்.

பயிற்சியால் தீராதவை

சில தோள்வலிகளுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. எடை தூக்கும்போது ‘டப்’பென்று ஏதோ அறுந்தது போன்ற உணர்வும் உடனே கை பலவீனமாவதும், கையைத் தூக்கவே முடியாமல் போவதும், மார்பிலோ மேற்கையிலோ நீலம் பாய்வதும் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. கையில் மரத்துப்போதல், தோள் குழியைவிட்டு நழுவுவது போன்ற உணர்வு, தூக்கத்திலிருந்து எழுப்பும் இரவு வலி ஆகியவற்றுக்கும் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எந்த மாற்றமும் இல்லையென்றாலும் அப்படியே. ஸ்கேனில் சிறு கிழிசல் தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். வலியே இல்லாதவர்களின் தோளிலும், வயது கூடக்கூட, அப்படித் தெரிவதுண்டு. அதன் பொருளை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டறியுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், இன்னொன்றையும் பாருங்கள். முட்டியை விலாவோடு ஒட்டி வைத்து, கையைத் தளர்த்திவிட்டு, வேறொருவரை உங்கள் முன்கையை மெல்ல வெளியே திருப்பச் சொல்லுங்கள். மற்றக் கையைவிட வெகு முன்னதாகவே அது பூட்டியதுபோல் நின்றால், அது தசை பலவீனமாக இல்லாமல் மூட்டின் உறையே இறுகிய ‘உறைந்த தோள்’ ஆக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. அந்தத் தோளை டம்பெல்லால் வற்புறுத்தாதீர்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.